சிறுநீரில் கசியும் புரதம்: குழந்தைகளின் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்பது சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுபட்டு, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் பெருமளவில் சிறுநீரோடு வெளியேறும் நிலை. பெரியவர்களுக்கும் இது வரும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் வகை பெரும்பாலும் 2 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அந்த வயதில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. மற்ற இனத்தவரைவிடத் தெற்காசியக் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாகப் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இது ஒட்டுவாரொட்டி நோயல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு வெளிப்படையான காரணம் எதுவும் தெரிவதில்லை.

முதலில் கண்ணில் படுவது முகம். காலையில் எழும்போது இமைகள் உப்பி, கண்கள் சிறுத்துத் தெரியும். மதியத்துக்குள் முகம் வடிந்துவிடும். மாலையில் கால் வீங்கி, காலுறை இருந்த இடத்தில் வளையமாகத் தடம் பதியும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது இமையைச் சுற்றியுள்ள தளர்ந்த தோலுக்கடியில் நீர் சேர்கிறது. நின்று நடமாடும்போது அது காலுக்கு இறங்குகிறது. நாளாக ஆக வயிறு பெருக்கும், ஆண் குழந்தைகளுக்கு விரைப்பையும் வீங்கும். சிறுநீரின் அளவு குறையும், அதில் நுரை கட்டி நிற்கும். தொடக்கத்தில் பல குழந்தைகளுக்குப் பூச்சிக்கடி, ஒவ்வாமை, கண்வலி என்று எண்ணி ஒவ்வாமை மருந்தே கொடுக்கப்படுகிறது. ஒவ்வாமை வீக்கத்தில் அரிப்பு இருக்கும். அது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கிவிடும். அரிப்பில்லாமல், நாள்தோறும் காலையில் திரும்ப வரும் இமை வீக்கத்துக்குச் சிறுநீரில் புரதம் பார்ப்பதே முதல் சோதனை.

வடிகட்டியில் நேர்வது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண் ரத்தக்குழாய்கள் பந்து போலச் சுருண்ட குளோமெருலஸ் இருக்கிறது. ரத்தம் இங்கேதான் வடிகட்டப்படுகிறது. தண்ணீர், உப்பு, யூரியா போன்றவை இதன் சுவரைத் தாண்டிப் போகும். ரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நிற்கும்.

இந்தச் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளே ரத்தக்குழாயின் செல்கள், நடுவே ஒரு மெல்லிய சவ்வு, வெளியே போடோசைட் என்னும் செல்கள். போடோசைட்டுகளிலிருந்து கிளைக்கும் பாதங்கள், இரு கை விரல்களையும் கோத்துப் பிடித்தது போல ஒன்றுக்குள் ஒன்று இடைபுகுந்து ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும். பாதங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய இடுக்கில் ஒரு நுண்சவ்வு கட்டப்பட்டிருக்கிறது. அதை ஆக்கும் முக்கியப் புரதத்தின் பெயர் நெஃப்ரின். பின்லாந்தில் பிறவியிலேயே இந்நோயுடன் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து, 1998-இல் அதன் மரபணுவைக் கண்டறிந்தார்கள். அடுத்து 2000-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் போடோசின் என்னும் துணைப் புரதத்தின் மரபணுவைக் கண்டறிந்தார்கள். புரதக் கசிவின் மையம் போடோசைட்தான் என்பது இந்த இரண்டு கண்டுபிடிப்புகளாலும் உறுதியாயிற்று.

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் போடோசைட்டின் பாதங்கள் தம் வடிவத்தை இழந்து தட்டையாகப் பரவிவிடுகின்றன. இடுக்குச் சவ்வு குலைகிறது. ரத்தப் புரதங்களில் மிகுதியானதும் அளவில் சிறியதுமான ஆல்புமின் அதன் வழியே தப்பிச் செல்கிறது. கல்லீரல் கூடுதலாக ஆல்புமினை உற்பத்தி செய்து பார்க்கிறது, ஆனால் இழப்புக்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. ரத்தத்தில் 100 மில்லிக்கு 3.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டிய ஆல்புமின் 2 கிராமுக்கும் கீழே இறங்குவது சாதாரணம். கல்லீரலின் இந்தக் கூடுதல் உழைப்போடு சேர்ந்து கொழுப்புப் பொருட்களும் ரத்தத்தில் ஏறுவதால், 4 வயதுக் குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் 400-ஐத் தாண்டி நிற்கும். புரதக் கசிவு அடங்கினால் அதுவும் தானே இறங்கிவிடும். அதற்கென்று பொதுவாகத் தனி மருந்து தேவைப்படுவதில்லை.

வீக்கத்துக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதில் ஆல்புமினுக்குப் பெரும் பங்குண்டு. அது குறையும்போது நீர் திசுக்களுக்குள் கசிகிறது. இதோடு, பழுதுற்ற சிறுநீரகமே உப்பை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்கிறது. தேங்கிய உப்பு நீரையும் தேக்குகிறது. இதனால்தான் வீக்கம் இருக்கும் காலத்தில் உப்பைக் குறைப்பது பலன் தருகிறது. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றை நிறுத்தி, சமையலில் உப்பை மட்டாகப் போட்டாலே போதும். புரதம்தான் போகிறதே என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முட்டை வெள்ளைக்கருவைக் கொடுப்பதால் பயனில்லை. கூடுதலாகக் கொடுக்கும் புரதத்தில் பெரும்பகுதி அதே ஓட்டை வழியே வெளியேறிவிடும். அந்த வயதுக்கு இயல்பாகத் தேவைப்படும் அளவே சரி.

நோயை உறுதி செய்தல்

சோதனைகள் எளியவை. சிறுநீரில் நனைத்து எடுக்கும் ஸ்டிரிப்பில் புரதம் 3+ அல்லது 4+ காட்டும். ஒரே சிறுநீர் மாதிரியில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 2-க்கு மேல் இருக்கும். ஆரோக்கியமான குழந்தைக்கு இது 0.2-க்குள் அடங்கும். இவற்றோடு ரத்த ஆல்புமின் 3 கிராமுக்குக் கீழே இருந்து, வீக்கமும் இருந்தால் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் உறுதி. மற்றபடி பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் கழிவகற்றும் வேலை கெடுவதில்லை. ரத்தக் கிரியேட்டினின் இயல்பாகவே இருக்கும்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழும். சிறுநீரக நோய் என்றால் ஊசி வைத்துத் துளி சதையை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டாமா? 1 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் அது வேண்டாம். இந்த நடைமுறைக்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது.

1960-களின் பிற்பகுதியில் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து, குழந்தைகளின் சிறுநீரக நோய்களுக்கான பன்னாட்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். புதிதாக நோய் கண்ட குழந்தைகளுக்கு முதலில் பயாப்ஸி செய்து, பிறகு எல்லோருக்கும் ஒரே முறையில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1981-இல் வெளிவந்தது. ஸ்டீராய்டுக்குச் சிறுநீர் தெளிந்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் பயாப்ஸியில் இருந்தது ஒரே வகை நோய். சாதாரண நுண்ணோக்கியில் சிறுநீரகம் ஏறத்தாழ இயல்பாகவே தெரியும், மின்னணு நுண்ணோக்கியில் மட்டும் போடோசைட்டின் பாதங்கள் தட்டையாகியிருப்பது தெரியும். இதற்கு மினிமல் சேஞ்ச் நோய், அதாவது மிகக் குறைந்த மாற்றமுள்ள நோய் என்று பெயர். திரும்பிப் பார்த்தால், மினிமல் சேஞ்ச் இருந்த குழந்தைகளிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஸ்டீராய்டு கேட்டது. குளோமெருலஸில் ஆங்காங்கே தழும்பு விழும் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்னும் நோய் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கேட்கவில்லை.

இதனால் நடைமுறை தலைகீழாயிற்று. பயாப்ஸி பார்த்து மருந்தை முடிவு செய்வதற்குப் பதிலாக, மருந்தைக் கொடுத்துப் பார்த்து, தேவையானால் மட்டும் பயாப்ஸி என்றாயிற்று. பின்னர் வந்த நீண்டகாலக் கண்காணிப்புகள் இன்னொன்றையும் தெளிவாக்கின. குழந்தையின் சிறுநீரகம் பிற்காலத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பயாப்ஸியில் தெரியும் வகையைவிட, ஸ்டீராய்டுக்குக் கிடைக்கும் விடையே நம்பகமாகக் காட்டுகிறது. எஃப்.எஸ்.ஜி.எஸ். இருந்தும் ஸ்டீராய்டுக்குச் சிறுநீர் தெளிந்த குழந்தைக்கு வாய்ப்பு நல்லது. மினிமல் சேஞ்ச் இருந்தும் தெளியாத குழந்தையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

சில குழந்தைகளுக்கு மட்டும் இந்தப் பாதை பொருந்தாது. 1 வயதுக்குள் நோய் தொடங்கினால் மரபணுக் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீர் கண்ணுக்கே சிவப்பாக அல்லது டீ நிறத்தில் போனாலோ, ரத்த அழுத்தம் விடாமல் உயர்ந்திருந்தாலோ, கிரியேட்டினின் ஏறியிருந்தாலோ, தோல் தடிப்பும் மூட்டுவலியும் சேர்ந்திருந்தாலோ வேறு நோய் இருக்கக்கூடும். 12 வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் இதே ஐயம் பொருந்தும். இவர்களுக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் சோதனைகளும் பயாப்ஸியும் தேவைப்படும்.

ஒரு குழந்தையின் முதல் 12 வாரங்கள்

எடுத்துக்காட்டாக, 4 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொள்ளலாம். வழக்கமான எடை 15 கிலோ. பத்து நாள் இமை வீக்கத்துக்குப் பிறகு மருத்துவமனைக்கு வரும்போது எடை 18.2 கிலோ. கூடியிருக்கும் 3.2 கிலோவும் நீர்தான். சிறுநீரில் புரதம் 4+, ஆல்புமின் 1.6 கிராம், கொலஸ்ட்ரால் 420, கிரியேட்டினின் 0.3. சிறுநீரில் ரத்தமில்லை, ரத்த அழுத்தம் இயல்பு. காசநோய் மறைந்திருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயும் தோல் சோதனையும் பார்க்கப்படுகின்றன. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைத் தணிப்பதால், மறைந்திருக்கும் காசநோய் அதனால் கிளம்பிவிடலாம்.

கொடுக்கும் மருந்து பிரெட்னிசலோன். அளவு கிலோவுக்கு 2 மி.கி. வீக்கம் இல்லாத எடையான 15 கிலோவுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 30 மி.கி. காலையில் சாப்பிட்ட பிறகு கொடுக்கப்படுகிறது. எவ்வளவு எடையானாலும் நாளுக்கு 60 மி.கி. என்பது உச்சவரம்பு. எடைக்குப் பதிலாக உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடுவோரும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அந்தக் கணக்கில் அளவு சற்றுக் கூடுதலாக வரும்.

வீட்டில் ஒரு நோட்டு தொடங்கப்படுகிறது. தேதி, காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரின் ஸ்டிரிப் முடிவு, எடை, கொடுத்த மாத்திரை, காய்ச்சல் சளி இருந்தால் அது என நாளுக்கு ஒரு வரி. காலைச் சிறுநீரைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நின்று நடமாடும்போது ஆரோக்கியமான சில குழந்தைகளுக்கும் சிறிது புரதம் கசியும். இரவு படுத்திருந்தபின் வரும் சிறுநீரில் அந்தக் குழப்பம் இருக்காது. ஸ்டிரிப் வாங்க வசதியில்லாதவர்கள் சோதனைக்குழாயில் சிறுநீரை எடுத்து, சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டுப் பார்க்கிறார்கள். புரதம் இல்லாவிட்டால் சிறுநீர் தெளிவாகவே இருக்கும். சிறிதளவு இருந்தால் மங்கும். மிகுதியாக இருந்தால் பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பிகள் பிரியும்.

முதல் வாரம் நோட்டில் எல்லா நாளும் 4+. எடை 18.4 வரை ஏறுகிறது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று வீட்டில் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். எட்டாம் நாள் சிறுவன் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தொடங்குகிறான். ஒன்பதாம் நாள் 2+, பத்தாம் நாள் 1+, பதினோராம் நாள் அறிகுறி மட்டும், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நாட்களில் புரதமே இல்லை. அறிகுறி அளவோ அதற்கும் குறைவோ தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் நோய் தணிந்ததாகக் கொள்வது விதி. அந்தக் கணக்கில் இவனுக்குப் பதின்மூன்றாம் நாள் நோய் தணிந்தது. எடை 15 கிலோவுக்குத் திரும்புகிறது. ஸ்டீராய்டுக்கு விடை கொடுக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இது இரண்டு வாரத்தை ஒட்டியே நடந்துவிடும். நான்கு வாரத்துக்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் நடந்துவிடும்.

வீக்கம் வடிந்ததும் மாத்திரை நிற்பதில்லை. 30 மி.கி. அளவு ஆறு வாரம் முழுக்கத் தொடர்கிறது. பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம் 22.5 மி.கி. ஒன்றுவிட்டு ஒரு நாள் என இன்னும் ஆறு வாரம். அதன்பின் நிறுத்தப்படுகிறது. இந்தியக் குழந்தை சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இது. நான்கு வாரம், நான்கு வாரம் என எட்டு வாரத்தில் முடிக்கும் முறையும் உலகில் வழக்கில் உள்ளது. முதல் முறையே நீண்ட காலம் கொடுத்தால் நோய் திரும்புவது குறையுமே என்ற எண்ணம் முன்பு வலுவாக இருந்தது. மூன்று மாதத்தை ஆறு மாதமாக நீட்டிப் பார்த்த இந்திய ஆய்வு 2015-இலும், எட்டு வாரத்தைப் பதினாறு வாரமாக நீட்டிய பிரிட்டன் ஆய்வு 2019-இலும் வெளிவந்தன. நீட்டிப்பால் நோய் அடிக்கடி திரும்புவது குறையவில்லை என்று இரண்டுமே காட்டின.

மருந்து எடுக்கும் காலத்தில் பசி மிகும், கன்னம் உருண்டு தடிக்கும், எரிச்சலும் பிடிவாதமும் கூடும். கன்னம் தடிப்பதைப் பார்த்து வீக்கம் திரும்பிவிட்டது என்று சிலர் அஞ்சுவார்கள். ஸ்டீராய்டால் வரும் தடிப்பு காலையிலும் மாலையிலும் ஒன்றுபோல் இருக்கும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழாது, ஸ்டிரிப்பும் தெளிவாக இருக்கும். இதற்குப் பயந்து மாத்திரையைச் சட்டென நிறுத்துவது ஆபத்து. சில வாரம் மாத்திரை எடுத்த உடலில் அட்ரினல் சுரப்பி தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் திடீரென நிறுத்தினால், காய்ச்சலோ வாந்தியோ வரும்போது குழந்தை துவண்டு ரத்த அழுத்தம் சரியக்கூடும்.

ஸ்டீராய்டின் விடை எதைச் சொல்கிறது

ஸ்டீராய்டு வடிகட்டியைத் தைத்து ஒட்டும் மருந்தல்ல. அதன் முதன்மையான வேலை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சீற்றத்தை அடக்குவது. ஆகவே அதற்குச் சிறுநீர் தெளிகிறது என்றால், போடோசைட் அடிப்படையில் நல்ல நிலையில் இருக்கிறது, அதை வெளியிலிருந்து ஏதோ தாக்கியிருந்தது, தாக்குதல் நின்றதும் அது தன் பாதங்களை மீட்டுக்கொண்டது என்று பொருள். இதை முதலில் ஊகித்தவர்களுக்குக் கிடைத்த துப்புகளில் ஒன்று மணல்வாரி அம்மை. அந்த நோய் உடலின் எதிர்ப்புத் திறனைச் சில வாரங்களுக்குத் தணித்துவிடும். ஸ்டீராய்டு வருவதற்கு முன்னரே, மணல்வாரி வந்த நெஃப்ராட்டிக் குழந்தைகள் சிலருக்கு வீக்கம் தானே வடிவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். இந்நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு என்ற கருத்தை 1974-இல் ஷல்ஹூப் என்னும் மருத்துவர் முன்வைத்தபோது இதையும் சான்றாகக் காட்டினார்.

தாக்குவது எது என்பதற்கு அண்மையில்தான் நேரடியான சான்று கிடைத்தது. நோய் தீவிரமாக இருந்து, இன்னும் மருந்து தொடங்காத குழந்தைகளில் பெரும்பான்மையோரின் ரத்தத்தில் நெஃப்ரினுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை 2024-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. நோய் தணிந்த குழந்தைகளிடம் அவை பெரும்பாலும் காணப்படவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஸ்டீராய்டு ஏன் கேட்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

ஸ்டீராய்டுக்குச் சிறுநீர் தெளியவில்லை என்றால் படம் வேறாகிறது. போடோசைட்டே பிறவியில் தவறாக அமைந்திருக்கலாம். அல்லது தாக்குதல் கடுமையாகி, செல்கள் உதிர்ந்து தழும்பு விழத் தொடங்கியிருக்கலாம். போடோசைட் எளிதில் பெருகிப் புதுப்பித்துக்கொள்ளும் செல் அல்ல. உதிர்ந்த இடம் தழும்பாகும், தழும்பு பரவினால் சிறுநீரகம் செயலிழக்கும். புரதக் கசிவு தணியாமல் நீடிப்பதே சிறுநீரகத்துக்குக் கேடு. கசிவு முழுதாக நின்றுவிடும் குழந்தைக்கு, அது எத்தனை முறை திரும்பினாலும், ஒவ்வொரு முறையும் நிற்கிறவரை, சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

திரும்பத் திரும்ப வருதல்

புதிதாக நோய் காணும் குழந்தைகளில் 85 முதல் 90 சதவீதத்தினர் ஸ்டீராய்டுக்கு விடை தருகிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் ஒருமுறையாவது திரும்புகிறது. எனவே திரும்புவது சிகிச்சையின் தோல்வியல்ல, இந்நோயின் இயல்பு. பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுவது சாதாரணச் சளியும் இருமலும்.

மேலே பார்த்த சிறுவனுக்கு மருந்து நிறுத்திய ஐந்தாம் மாதம் சளி பிடிக்கிறது. ஸ்டிரிப்பில் ஒருநாள் 2+, மறுநாள் 3+, அடுத்த இரு நாளும் 3+. தொடர்ந்து மூன்று நாள் 3+ இருந்தால் நோய் திரும்பியதாகக் கொள்ளப்படும். காய்ச்சல் நேரத்தில் ஓரிரு நாள் புரதம் தெரிந்து மறைவது இந்தக் கணக்கில் வராது. இன்னும் முகம் வீங்கவில்லை. நோட்டு இருப்பதால் வீக்கம் வருவதற்கு முன்பே நோய் பிடிபட்டுவிட்டது. மீண்டும் நாளுக்கு 30 மி.கி. தொடங்கி, எட்டாம் நாளில் சிறுநீர் தெளிகிறது. மூன்று நாள் தெளிவாக இருந்தபின், ஒன்றுவிட்டு ஒரு நாள் 22.5 மி.கி. நான்கு வாரம் கொடுத்து நிறுத்தப்படுகிறது. முதல் முறைபோல் மூன்று மாதம் தேவைப்படுவதில்லை.

விடை தரும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் அடிக்கடி திரும்பும், அல்லது மாத்திரையைக் குறைத்த உடனேயே திரும்பும். இவர்களுக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. கெடுவது ஸ்டீராய்டை மீண்டும் மீண்டும் கொடுப்பதால் வரும் பக்க விளைவுகளால். உயரம் வளர்வது குன்றும், எடை ஏறும், கண்ணில் புரை விழலாம், எலும்பு வலுவிழக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே இந்த நிலையில் சிகிச்சையின் நோக்கமே ஸ்டீராய்டைக் குறைப்பதாக மாறுகிறது. குறைந்த அளவு பிரெட்னிசலோனை ஒன்றுவிட்டு ஒரு நாள் நீண்ட காலம் கொடுப்பது முதல் படி. அது போதாவிட்டால் லெவமிசோல், மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், ரிடக்சிமாப் ஆகியவற்றில் குழந்தையின் வயதுக்கும் நோயின் போக்குக்கும் ஏற்றது தேர்ந்தெடுக்கப்படுகிறது. வயது ஏற ஏற நோய் திரும்பும் இடைவெளி நீளும். பருவ வயதைக் கடக்கும்போது பெரும்பாலோருக்கு நின்றுவிடும், ஒரு பகுதியினருக்கு மட்டும் பெரியவர்களான பின்னும் வரும்.

வீக்கம் இருக்கும் நாட்களின் ஆபத்து

ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் வருவதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் உயிரைப் பறித்தது சிறுநீரகச் செயலிழப்பு அல்ல, கிருமித் தொற்று. ஆல்புமினோடு நோய் எதிர்ப்புக்கான புரதங்களும் வெளியேறிவிடுவதும், வயிற்றில் தேங்கிய நீர் கிருமிக்கு இடம் தருவதும் இதற்குக் காரணம். வீங்கிய வயிறோடு இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால், அது நிமோகாக்கஸ் கிருமியால் வரும் வயிற்றறைத் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி அது. நிமோகாக்கஸ் தடுப்பூசி இக்குழந்தைகளுக்குக் கட்டாயம் தேவை. ஸ்டீராய்டு மிகுந்த அளவில் எடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் மட்டும் தள்ளிப்போடப்படும். அம்மை கண்டவரோடு அப்போது நெருங்கிப் பழகியிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆபத்து ரத்தம் உறைதல். உறைவதைத் தடுக்கும் புரதங்களும் சிறுநீரில் போய்விடுவதால் கால், சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் ரத்தக்குழாய்களில் கட்டி விழலாம். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்குதல், சிறுநீரில் ரத்தம், கடும் தலைவலியும் வாந்தியும் என இது தலைகாட்டும். வீக்கம் வடிய வேண்டும் என்று நீர்பிரிக்கும் மாத்திரையைக் கணக்கின்றிக் கொடுத்தால் இந்த ஆபத்து கூடும். திசுக்களில் நீர் தேங்கியிருந்தாலும் ரத்தக்குழாய்க்குள் நீர் குறைந்திருக்கக்கூடும் என்பதே காரணம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது அந்த மாத்திரை நிறுத்தப்படும்.

விடை தராத குழந்தைகள்

ஆறு வாரம் முழு அளவில் நாள்தோறும் கொடுத்தும் சிறுநீர் தெளியாவிட்டால், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நோய் என்று இந்திய வழிகாட்டுதல் வரையறுக்கிறது. அந்த முடிவுக்கு வருமுன் மருத்துவர் சிலவற்றைச் சரிபார்ப்பார். மருந்து உண்மையில் உள்ளே போனதா, கொடுத்தவுடன் வாந்தி எடுத்தானா, அளவு எடைக்குச் சரியாக இருந்ததா, சிறுநீர்த் தொற்றோ பல் சீழோ காசநோயோ மறைந்திருந்து நோயைத் தணியவிடாமல் வைத்திருக்கிறதா என்பவை அவை. தொற்றைக் குணப்படுத்தியதும் சிறுநீர் தெளியும் குழந்தைகள் உண்டு.

உண்மையிலேயே கட்டுப்படாதவர்கள் 10 முதல் 15 சதவீதம். இவர்களுக்குப் பயாப்ஸியும், வாய்ப்புள்ள இடங்களில் மரபணுச் சோதனையும் செய்யப்படும். இவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு நெஃப்ரின், போடோசின் போன்ற புரதங்களின் மரபணுக்களில் பழுது இருக்கும். பிறவிக் கட்டுமானக் குறையை எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து பெரும்பாலும் திருத்தாது. ஆகவே மரபணுப் பழுது உறுதியானால் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, எனலாப்ரில் போன்ற மருந்துகளால் கசிவைக் குறைத்து, சிறுநீரகம் உழைக்கும் காலத்தை நீட்டுவதே வழி.

மரபணுப் பழுது இல்லாதவர்களுக்கு டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் கொடுக்கப்படும். பாதிக்கு மேற்பட்டோருக்குச் சில மாதங்களில் புரதக் கசிவு முழுமையாகவோ ஓரளவோ அடங்கும். அடங்கினால் அவர்களின் எதிர்காலம் ஸ்டீராய்டுக்கு விடை தந்தவர்களின் நிலையை நெருங்கும். ஓரளவே அடங்கினாலும், சிறிதும் அடங்காததைவிட அது எவ்வளவோ மேல். எந்த மருந்துக்கும் அடங்காதவர்களில் பாதிப் பேருக்கு 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும்.

மாற்றுச் சிறுநீரகத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. மரபணுப் பழுதால் செயலிழந்தவருக்கு, புதிதாகப் பொருத்திய சிறுநீரகத்தில் நோய் திரும்புவது அரிது. பழுது இருந்தது பழைய உறுப்பில், புதியதில் அது இல்லை. மரபணுப் பழுது இல்லாத எஃப்.எஸ்.ஜி.எஸ்.ஸால் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புதிய சிறுநீரகத்திலும் புரதக் கசிவு தொடங்குகிறது, சிலருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே. அவர்களுக்கு நோயின் வேர் ரத்தத்தில் இருந்திருக்கிறது. இதனால்தான் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டுக்குச் சற்றும் விடை தராத குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்வதும், சில ஆண்டுகளுக்குப் பின் மாற்றுச் சிறுநீரகத்தைத் திட்டமிடுவதும் ஒரே கணக்கின் இரு பகுதிகளாக இன்று பார்க்கப்படுகின்றன.